கையுறையை முதலில் சொல்லுக



ஒரு தாளில் பத்து வரி எழுதுவதில் என்ன அறிவியல் இருக்கிறது என்று சென்ற ஆண்டு யாரேனும் என்னைக் கேட்டிருந்தால், ஒன்றுமில்லை என்றே விடை கூறியிருப்பேன். நான் வேதியியல் முதுகலை மாணவன். குடுவையும் அளவுக்குழாயும் என் உலகம். மருத்துவமனைச் சுவரில் தொங்கும் அறிவிப்புத் தாளுக்கும் எனக்கும் என்ன தொடர்பு? அந்தத் தொடர்பு எவ்வாறு ஏற்பட்டது என்பதையும், அந்தத் தாளை வரிவரியாகப் பிரித்து மீண்டும் எழுதியபோது நான் கற்றுக்கொண்டவற்றையும் இக்கட்டுரையில் கூற முயல்கிறேன்.

கரோல்பாகில் ஞாயிறுதோறும் நம்மவர் கூடுமிடத்தில் எனக்கு அறிமுகமானவர் ஒரு செவிலியர். நாகர்கோவிற் பக்கத்தவர். தில்லி மருத்துவமனை ஒன்றில் தொற்றுத் தடுப்புப் பொறுப்பில் இருப்பவர். அவரை நான் அக்கா என்றுதான் அழைப்பது. ஒருநாள் அவர் சிறிய பழுப்புப் புட்டி ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, நீ வேதியியல் படிக்கிறவன்தானே? எங்கள் வார்டில் தரை துடைக்கிற மருந்துத் தண்ணீர் இது. ஒரு சதவீதம் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லேன்."

"ஏனக்கா, ஐயம் வந்துவிட்டதா?"

"குளோரின் வாசனையே இல்லை, தம்பி."

பிறகுதான் நடந்ததைச் சொன்னார். வேலைக்கு வந்து பன்னிரண்டே நாளான துப்புரவுப் பணிப்பெண் ஒருவர், தரையில் விழுந்து உடைந்த இரத்தக் குழாயை அள்ளும்போது விரலை அறுத்துக்கொண்டாராம். வெறுங்கையால் அள்ளியிருக்கிறார். உடனே கையைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவச் செய்து, மருத்துவரிடம் அழைத்துச் சென்று, எச்.ஐ.வி. தடுப்பு மருந்தின் முதல் வேளையைக் கொடுத்தார்கள். அந்த மருந்தை எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரம் கடந்தால் தொடங்கிப் பயனில்லை என்று கொள்கிறார்கள். பின்னர் அந்த நோயாளியின் இரத்தத்தைச் சோதித்ததில் எச்.ஐ.வி.யோ மஞ்சட்காமாலைக் கிருமிகளோ இல்லை என்று தெரிந்தது. நல்லவேளைதான். ஆனால் அந்த முடிவு வரும்வரை இரண்டு குழந்தைகளின் தாயான அப்பெண் ஓர் இரவு முழுதும் விழித்திருந்தார்.

அந்தப் பெண்ணைத் தீதி என்றே இங்கே குறிப்பிடுகிறேன். தில்லியில் அக்காள் முறைக்கு அதுவே பெயர்.

வாளியில் இருந்தது என்ன?

முதலில் புட்டியைப் பார்த்தேன். சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலின் வலிமையை அறிவது நம் பட்டப்படிப்புச் சோதனைகளில் ஒன்றுதான். கரைசலில் 5 மி.லி. எடுத்துப் பொட்டாசியம் அயோடைடும் அசெட்டிக் அமிலமும் சேர்த்தால் அயோடின் வெளிப்படும். அதனை 0.1 நார்மல் சோடியம் தயோசல்பேட்டால் தரம் பார்க்க வேண்டும். தயோசல்பேட்டின் ஒவ்வொரு மி.லி.யும் 3.72 மி.கிராம் ஹைப்போகுளோரைட்டுக்கு ஈடு. ஒரு சதவீதக் கரைசலின் 5 மி.லி.யில் 50 மி.கிராம் இருக்கும், ஆகவே ஏறத்தாழ 13.4 மி.லி. தயோசல்பேட்டு செலவாக வேண்டும்.

எனக்குச் செலவானது 0.7 மி.லி. மட்டுமே. நீல நிறம் வந்த வேகத்திலேயே மறைந்துவிட்டது. கணக்கிட்டால் 0.05 சதவீதம். வேண்டியதில் இருபதில் ஒரு பங்கு!

இந்த இருபது என்ற எண்ணே விடையைக் காட்டிக்கொடுத்தது. கடையிலிருந்து வரும் கரைசல் 5 சதவீதம். ஒரு சதவீதக் கரைசல் செய்யச் சொன்னால், கணக்கறிந்தவர் என்ன செய்வார்? வேண்டிய சதவீதத்தை மொத்த அளவால் பெருக்கி, கையிலுள்ள கரைசலின் சதவீதத்தால் வகுப்பார். 1 × 1000 ÷ 5 = 200. அதாவது 200 மி.லி. மருந்தும் 800 மி.லி. நீரும் சேர்ந்து ஒரு லிட்டர். ஆனால் தாளில் இருந்ததோ '1% கரைசல்' என்ற சொல் மட்டும். படித்தவர், நூற்றுக்கு ஒன்று என்று பொருள் கொண்டு, ஒரு லிட்டர் நீரில் 10 மி.லி. ஊற்றியிருக்கிறார். புட்டியில் இருப்பதே நூற்றுக்கு ஐந்துதான் என்பது அவர் நினைவுக்கு வரவில்லை. அதில் அவர் குற்றம் என்ன? அவர் சொற்படியே நடந்தார்.

நீர்த்த கரைசல் தூய தரையில் ஓரளவு பயன்படலாம். சிந்திய இரத்தத்தின்மேல் அது தோற்றுப்போகும். இரத்தத்திலுள்ள புரதம் குளோரினைத் தானே தின்றுவிடும். கிருமிக்கு மிஞ்சுவது ஒன்றுமிராது. அதனாற்றான் இரத்தத்துக்கு வலிமையான கரைசலும், ஊற்றுமுன் தாளால் உறிஞ்சச் செய்தலும் வேண்டப்படுகின்றன.

சதவீதத்தில் தடுக்கி விழுபவர் கடைநிலைப் பணியாளர் மட்டுமே என்று யாரும் எண்ண வேண்டா. மருத்துவக் கழிவு பற்றிய நம் நாட்டு விதிகள் 2016இல் வெளிவந்தபோது, வேதிமுறைத் தூய்மைக்கு 'குறைந்தது 10 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட், 30 சதவீத எஞ்சிய குளோரினுடன்' என்று எழுதப்பட்டிருந்தது. எதில் முப்பது, எதனுடைய பத்து என்று படிப்பவர் திகைக்க வேண்டியதாயிற்று. 2018இல் செய்த திருத்தத்தில் அது '1 முதல் 2 சதவீதம்' என்று மாறியது. இரண்டே ஆண்டில் பத்து ஒன்றாயிற்று. பழைய தாளும் புதிய தாளும் ஒரே சுவரில் தொங்கினால் பணியாளர் எதை நம்புவார்?

தாளில் இருந்தது என்ன?

கரைசலின் குற்றம் விளங்கிவிட்டது. விரல் அறுந்ததற்கு விடை வேறிடத்தில் இருந்தது. அக்கா அந்தத் தாளைக் கொண்டுவந்து காட்டினார். ஆங்கிலத்திலிருந்து இந்திக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் போக்கைத் தமிழில் தருகிறேன்:

'இரத்தம் சிந்திய இடத்தில் 1% ஹைப்போகுளோரைட் கரைசலை, உறிஞ்சு தாளால் மூடிய பின்னர் ஊற்றி, போதிய நேரம் விட்டு, கண்ணாடித் துண்டுகள் இருப்பின் அவை முன்னதாக அகற்றப்பட்டிருக்க வேண்டும், கழிவைத் தக்க பையிலிட்டுத் தரையைத் தூய்மை செய்க. இப்பணி முழுவதிலும் கையுறை முதலிய காப்புகள் அணியப்பட வேண்டும்.'

இதில் பொய் ஒன்றுமில்லை. மேசையில் அமர்ந்து முழுவதையும் படிப்பவருக்கு எல்லாம் விளங்கும். ஆனால் தீதி மேசையில் அமர்ந்து படிக்கவில்லை. எழுத்துக் கூட்டி மெல்லப் படிப்பவர். ஒரு சொல்லைப் படிப்பார், அதைச் செய்வார், அடுத்த சொல்லுக்குப் போவார். அவரைப் போலவே நாமும் படித்துப் பார்ப்போம். தாளில் வரும் வரிசை இது: கரைசல், மூடல், ஊற்றல், காத்தல், கண்ணாடி, பை, துடைத்தல், கையுறை. வேலையில் வரவேண்டிய வரிசையோ: கையுறை, கண்ணாடி, மூடல், ஊற்றல், காத்தல், பை, துடைத்தல். முதலில் செய்ய வேண்டிய இரண்டும் தாளின் பின்பாதியில் ஒளிந்துகொண்டிருந்தன. 'முன்னதாக' என்ற சொல், அந்த முன்பொழுது கடந்துபோன பின்னரே அவர் கண்ணில் பட்டது. அதற்குள் துண்டுகள் ஈரத்தாளுக்கு அடியில் மறைந்திருந்தன.

எச்சரிக்கை, செயலுக்குப் பின் வந்தால் அது எச்சரிக்கை அன்று. பழி தீர்க்கும் சாட்சியே. "தாளில் எழுதியிருக்கிறதே, நீ ஏன் செய்யவில்லை?" என்று பின்னர் கேட்பதற்கு மட்டுமே அது உதவும்.

மீண்டும் எழுதினோம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அக்காவும் நானும் புதிய தாளை எழுத உட்கார்ந்தோம். மூன்று கட்டளைகளை எங்களுக்கு நாங்களே விதித்துக்கொண்டோம். ஒரு வரியில் ஒரு செயல்தான் இருக்க வேண்டும். வரிசை, கை செய்யும் வரிசையாக இருக்க வேண்டும். 'போதிய', 'தக்க' என்ற சொற்கள் வரவே கூடாது. போதியது எவ்வளவு, தக்கது எது என்பதே படிப்பவரின் கேள்வி. அந்த மருத்துவமனை வைத்திருந்த நேரம் இருபது நிமிடம். அதை அப்படியே எழுதினோம்.

எழுதி முடித்ததும் அழகாகத்தான் இருந்தது. ஆனால் எழுதியவர் கண்ணுக்கு எல்லாம் அழகுதானே! சோதிக்க வேண்டாமா? மருத்துவமனையின் காலி அறையொன்றில் ரூஹ் அஃப்ஸா சர்பத்தைத் தரையில் ஊற்றினோம். சிவப்பும் பிசுக்கும் அதற்கு உண்டு. இரத்தத்துக்கு நல்ல மாற்று. உடைந்த குழாய்க்குப் பதில் ஒடித்த பிளாஸ்டிக் குச்சி. கரைசலுக்குப் பதில் வெறும் நீர். பணியாளர் நால்வரை ஒருவர்பின் ஒருவராக அழைத்து, தாளைக் கொடுத்துவிட்டு, வாய் திறவாமல் நின்றோம். உதவி செய்யாமல் நிற்பதுதான் எல்லாவற்றிலும் கடினமான வேலையாக இருந்தது.

முதற்குற்றம் ஐந்தே நிமிடத்தில் வெளிப்பட்டது. ஆறாவது வரியை நாங்கள் '6. 20 நிமிடம் காத்திரு' என்று எழுதியிருந்தோம். ஒருவர் அதைப் படித்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இப்போது நாலரைதானே ஆகிறது? ஆறு இருபது வரையா நிற்பது?" என்றார். வரி எண்ணும் அளவும் ஒட்டிக்கொண்டு மணியாகிவிட்டன! அன்றே வரி எண்களைக் கட்டத்துக்குள் போட்டோம். எந்த வரியும் எண்ணால் தொடங்கக் கூடாது என்று நான்காவது கட்டளை பிறந்தது.

இரண்டாவது குற்றம் புட்டியின்மேல் இருந்தது. ஹைப்போகுளோரைட் வெயிலிலும் வெப்பத்திலும் வலிமை இழப்பது. தில்லியில் மே மாதத்தில் வெப்பம் 40 பாகையைத் தாண்டுவது உங்களுக்குத் தெரியும். எனவே நீர்த்த கரைசலை நாள்தோறும் புதிதாகச் செய்து, ஒளி புகாத மூடிய கலத்தில் வைக்க வேண்டும். 'நேற்றையது வேண்டா' என்பதை இந்தியில் 'கல் கா' என்று தொடங்கி எழுதியிருந்தோம். தீதி சிரித்தார். "பையா, எந்தக் கல்?" என்றார். நமக்குக் கல் என்றால் பாறை. இந்தியிலோ நேற்றும் கல், நாளையும் கல்! வாக்கியத்தின் வினைச்சொல்தான் எது என்று காட்டும். புட்டியில் ஒட்டும் துண்டுச் சீட்டில் வினைச்சொல் ஏது? அச்சொல்லையே நீக்கிவிட்டுத் தேதியை எழுதினோம்: 'செய்த தேதி' என்று ஒரு கட்டம், பக்கத்தில் 'செய்தவர்' என்று ஒரு கட்டம். இன்றைய தேதி இல்லையென்றால் கொட்டிவிட வேண்டியது.

மூன்றாவது, நான் அஞ்சியது. துடைத்து முடித்த ஒருவர், தரை பளிச்சென்று இருக்கட்டும் என்று கழிப்பறையில் பயன்படுத்தும் அமிலப் புட்டியை எடுக்கப் போனார். இங்கே அதைத் தேசாப் என்பார்கள். ஹைப்போகுளோரைட்டோடு அமிலம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நம் மாணவர் அறிவர்:

NaOCl + 2HCl → NaCl + H₂O + Cl₂

குளோரின் வாயு, மூடிய அறைக்குள். தாளின் அடியில் 'அமிலம் கலவாதே' என்று தடித்த எழுத்தில் எழுதித்தான் இருந்தோம். ஆனால் கை புட்டியை நோக்கி நீளுவது ஒன்பதாவது வரியில். தடை இருந்தது பன்னிரண்டாவது வரிக்குக் கீழே. பழைய தாளின் குற்றத்தையே நாங்களும் செய்திருந்தோம். தடையை ஒன்பதாவது வரிக்குள் கொண்டுவந்தோம்.

புதிய தாள்

மும்முறை திருத்திய பின் நின்ற வடிவம் இது. வரி எண்கள் தாளில் கட்டத்துக்குள் உள்ளன.

1. நில். எல்லோரையும் விலக்கு. மஞ்சள் பலகையை வை.
2. முகமூடி, கண்ணாடிக் காப்பு, ஏப்ரன் அணி. கடைசியாகக் கையுறை அணி.
3. பார்: உடைந்த கண்ணாடி இருக்கிறதா? இருந்தால் இடுக்கியால் எடு. நீலப் பெட்டியில் போடு. கையால் தொடாதே.
4. உறிஞ்சு தாளால் முழுவதும் மூடு.
5. இன்றைய தேதியுள்ள புட்டியை எடு. தாளின்மேல் ஓரத்திலிருந்து நடுவுக்கு மெல்ல ஊற்று.
6. காத்திரு: 20 நிமிடம். முடியும் மணியைப் பலகையில் எழுது.
7. எழுதிய மணி ஆனதும் தாளை இடுக்கியால் எடு. மஞ்சள் பையில் போடு.
8. அதே புட்டிக் கரைசலால் மறுபடி துடை.
9. தண்ணீரால் துடை. தேசாப் ஊற்றாதே: நச்சுப்புகை வரும்.
10. கையுறையைக் கழற்று. சிவப்புப் பையில் போடு. கை கழுவு.
11. கண்ணாடிக் காப்பு, பிறகு ஏப்ரன், கடைசியாக முகமூடி கழற்று.
12. சோப்பால் மறுபடி கை கழுவு. செவிலியரிடம் சொல்.

நண்பர்கள் சிலர் இரண்டு ஐயங்கள் எழுப்பினர். கையுறையை ஏன் கடைசியில் அணிந்து முதலில் கழற்ற வேண்டும்? மிகுதியாக அழுக்கானது கையுறையே. அதை அணிந்த கையால் முகத்தருகே போகக் கூடாது. முகமூடி மூக்கையும் வாயையும் காப்பது; எனவே மற்றவை எல்லாம் நீங்கும்வரை அது இருக்க வேண்டும்.

அடுத்த ஐயம், '1%' எங்கே போயிற்று என்பது. வேண்டுமென்றே எடுத்துவிட்டோம். சிந்திய இரத்தத்தின் முன் நிற்பவர் கணக்குப் போடக் கூடாது. காலைப் பணிக்கு வரும் செவிலியர் ஒருவரே கரைசலைச் செய்கிறார். அவருக்கு மட்டும் தனித்தாள், இரண்டே வரி: 'புட்டியில் 5% என்றிருந்தால் மருந்து 200 மி.லி., நீர் 800 மி.லி. புட்டியில் 10% என்றிருந்தால் மருந்து 100 மி.லி., நீர் 900 மி.லி.' விகிதமாக எழுதவில்லை. ஒன்றுக்கு நான்கு என்றால், நான்கு பங்கு நீர் சேர்ப்பதா, மொத்தமே நான்கு பங்கா என்று இருவர் இருவிதமாகப் பொருள் கொள்வர். அளவுக் குவளையில் 200க்கும் 100க்கும் நேரே நிறநாடா ஒட்டியிருக்கிறது.

இன்னும் ஒன்று. தரையில் கை வைத்தவர் தாளைப் புரட்ட இயலாது. ஈரக் கையுறையோடு தாளைத் தொடவும் கூடாது. ஆகவே ஒருவர் படிக்க ஒருவர் செய்வது என்று வைத்துக்கொண்டோம். இதுவும் எங்கள் கண்டுபிடிப்பு அன்று. 2014இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் எபோலா நோயாளியைப் பேணிய செவிலியர் இருவருக்கு அந்நோய் தொற்றியது. அதன்பின் அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம், அவ்வாண்டு அக்டோபர் 20ஆம் நாள் வெளியிட்ட புதிய நெறியில், காப்புடை அணிவதையும் கழற்றுவதையும் பயிற்சி பெற்ற மற்றொருவர் உடனிருந்து ஒவ்வொரு படியாகக் கவனிக்க வேண்டும் என்றது. நல்ல உடை இருந்தாலும், கழற்றும்போது நேரும் ஒரு பிழையே போதும் என்பதை அவர்கள் பெருவிலை கொடுத்து உணர்ந்தார்கள்.

தாளால் ஆகாதவை

இத்தாளால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. இது இரத்தத்துக்கான தாள். சிறுநீர் சிந்திய இடத்தில் குளோரின் கரைசலை நேரே ஊற்றக் கூடாது. வேண்டாத வாயு கிளம்பும். முதலில் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். அதற்குத் தனித்தாள் இன்னும் எழுதி முடியவில்லை. கடைப் புட்டியில் 5 சதவீதம் என்று அச்சிட்டிருப்பதும் அது புதியதாக இருந்த நாளின் உண்மை. வெப்பமான கிடங்கில் பல மாதம் இருந்தபின் அவ்வளவு இராது. அதனால் மாதம் ஒருமுறை ஒரு புட்டியை அக்கா எனக்குக் கொடுத்தனுப்புகிறார். 13 மி.லி.க்குப் பக்கத்தில் வந்தால் மகிழ்ச்சி. பத்துக்குக் கீழே போனால் அந்தப் பெட்டியையே மாற்றச் சொல்கிறேன். மேலும், கையுறை பெட்டியில் இல்லாதபோது, கையுறை அணி என்று எழுதிப் பயனென்ன? பன்னிரண்டு வரிக்கும் வேண்டிய பொருள்களை ஒரே வாளியில் போட்டு, அதைத் தாளுக்கு நேர்கீழே தொங்கவிட்டிருக்கிறோம். வாளி நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பது தாளின் வேலை அன்று, மனிதரின் வேலை.

சென்ற மாதம் மீண்டும் ஓர் இரத்தக் குழாய் உடைந்ததாம். புதிதாக வந்த பையன் ஒருவன் குனிந்து அள்ளப் போனான். தீதி அவனைத் தடுத்து நிறுத்தி, சுவரைப் பார்த்து முதல் வரியை உரக்கப் படித்தாராம்: "நில்." பன்னிரண்டு வரியையும் அவர் படிக்கப் படிக்க, அவன் செய்து முடித்தான். அக்கா இதை எனக்குத் தொலைபேசியில் சொன்னார்.

நம் ஆய்வகங்களிலும் தாள்கள் தொங்குகின்றன. அமிலத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒன்று, வாயு உருளைக்குப் பக்கத்தில் ஒன்று. நாளைக் காலை அவற்றில் ஒன்றின் முன் நின்று, ஒரு சொல் படித்து, அதைச் செய்து, பிறகு அடுத்த சொல்லைப் படித்துப் பாருங்கள். கையுறை எத்தனையாவது வரியில் வருகிறது என்று எனக்குச் சொல்லுங்கள்.